திறந்த ஒயின் பெட்டி மூன்று வாரம் நிற்கிறது, திறக்காத பெட்டி கெட்டுப்போனது: உங்கள் அனுபவம் என்ன?

கீதா, மெல்பர்ன்

எங்கள் வீட்டில் ஒயின் குடிப்பது நான் மட்டும்தான். வாரத்தில் நான்கு நாள், இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், 150 மில்லி. பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். மூன்றாவது வரை நன்றாக இருக்கும். அதற்கப்புறம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் பழ மணம் போய், நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாசனை வந்துவிடும். மீதி இரண்டு கிளாஸ் சிங்க்குக்குத்தான். 9 டாலர் பாட்டிலில் நான் குடித்தது மூன்று கிளாஸ் என்றால், ஒரு கிளாஸ் 3 டாலர் ஆகிறது.

அதனால் போன வருடம், அட்டைக்குள் குழாய் வைத்த பிளாஸ்டிக் பையில் வருமே, அந்த 2 லிட்டர் பெட்டிக்கு மாறினேன். 16 டாலர், 13 கிளாஸ். கிளாஸுக்கு ஏறக்குறைய 1.20 டாலர்தான் வருகிறது, ஒரு சொட்டு வீணாகவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் பிடித்த கிளாஸும் முதல் கிளாஸ் போலவே இருந்தது.

இந்த நம்பிக்கையில் தள்ளுபடி விலையில் இரண்டு 4 லிட்டர் வெள்ளை ஒயின் வாங்கி, ஒன்றைக் கராஜில் வைத்தேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் அங்கேயே இருந்தது. மார்ச்சில் குழாயைத் திறந்தால் வெளிர் தேநீர் நிறத்தில் வந்தது, வறுத்த கொட்டை போல ஒரு வாசனை. யாரும் தொடாத பெட்டி அது. திறந்தது நிற்கும்போது திறக்காதது ஏன் போனது? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

செல்வம், அடிலெய்ட்

தெற்கு ஆஸ்திரேலியாவில் ரிவர்லேண்ட் பக்கம் பெட்டி ஒயின் நிரப்பும் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த ஊர்க்காரருக்கு இந்தப் பெட்டிமேல் ஒரு சொந்தம் உண்டு. 1965இல் அங்கே ரென்மார்க்கில் தாமஸ் அங்கோவ் என்ற ஒயின் தயாரிப்பாளர்தான் இதை முதலில் கொண்டுவந்தார். அப்போது குழாய்கூடக் கிடையாது. பையின் மூலையை வெட்டி ஊற்றிவிட்டு, கிளிப் போட்டு மூடவேண்டும்.

கீதா, நீங்கள் பார்த்தது இரண்டு வேறு விஷயங்கள். ஊற்ற ஊற்றப் பை சுருங்குகிறது, காலியான இடத்துக்குக் காற்று வருவதில்லை. அதனால்தான் திறந்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் தாங்குகிறது. பாட்டிலில் ஊற்றின அளவுக்குக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

திறக்கும் முன் கதை தலைகீழ். கண்ணாடி வழியாகக் காற்று போகாது. பையோ பிளாஸ்டிக் படலம். நடுவில் தடுப்பு அடுக்கு இருந்தாலும் ஆக்சிஜன் மெல்ல மெல்லக் கசியும், குழாய் பொருத்திய இடத்தில் இன்னும் கொஞ்சம். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம் அதைச் சமாளித்துக்கொண்டே வந்து ஒருநாள் தீர்ந்துபோகும். சூடு ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். உங்கள் கராஜ் கோடையில் 35 டிகிரியைத் தொட்டிருக்கும். நல்ல சேமிப்பில்கூட நிரப்பிய நாளிலிருந்து ஒன்பது மாதம், ஒரு வருடம் என்பதுதான் கணக்கு.

அட்டையில் பெஸ்ட் பிஃபோர் தேதி இருக்கும். தள்ளுபடி வந்தால் விலையை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

ரவி, சிட்னி

அண்ணா சொல்வது சரிதான், ஆனால் நான் 4 லிட்டர் சிவப்பு ஒயினை இரண்டரை மாதம் வைத்துக் குடித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பைக்குள் காற்றே போகாது என்பதுதான் இதன் அடிப்படையே. கெட்டுப்போனதென்றால் பையில் ஓட்டை இருந்திருக்கும். இன்னொன்று, பெட்டி ஒயினில் கந்தகம் அதிகம், அதனால்தான் தலைவலி. இது எனக்கு ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

செல்வம், அடிலெய்ட்

தம்பி ரவி, ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கலாம். அட்டையைப் பிரித்துப் பையைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பை ஒயினோடு ஒட்டிக்கொண்டு தொளதொளவென்று கிடக்கும். கசியும் பையில் மேலே பெரிய காற்றுக் குமிழ் உப்பி நிற்கும், குழாய்ப் பக்கம் பிசுபிசுப்பு இருக்கும். லாரியில் குலுங்கி வரும்போது படலத்தின் மடிப்பில் நுண்ணிய விரிசல் விழுவது உண்டு. கீதாவின் பையில் குமிழ் இல்லையென்றால் சூடும் காலமும்தான் காரணம்.

கந்தகம் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. பெட்டிக்கு நிரப்பும்போது கொஞ்சம் கூடுதலாகவே விடுவோம், நான் மேலே சொன்ன கசிவுக்காக. தலைவலி அதனாலா என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழாயில் பிடிக்கும்போது எவ்வளவு குடிக்கிறோம் என்று தெரிவதில்லையே.

கவிதா, பெர்த்

அளவு பற்றிச் சொன்னதால் டின் அனுபவத்தைச் சொல்கிறேன். கடற்கரைக்குக் கண்ணாடி கொண்டுபோக முடியாததால் 250 மில்லி டின் வாங்கத் தொடங்கினேன். ஒரு டின் 6 டாலர். கீதாவின் கணக்கில் போட்டால் கிளாஸுக்கு 3.60 ஆகிறது, மூன்றிலும் இதுதான் அதிகம். சின்னதாக இருப்பதால் ஒரு கிளாஸ் என்று நினைத்துக் குடித்தேன். அப்புறம் பார்த்தால் 13 சதவீத ஒயினில் அது, ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால் என்ற கணக்கில், 2.6 ஸ்டாண்டர்ட் டிரிங்க். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. மூடி வைக்கவும் முடியாது. இப்போது கணவரும் நானும் ஒரு டின்னை இரண்டு கிளாஸில் பிரித்துக்கொள்கிறோம்.

ஒருமுறை வெள்ளை ஒயின் டின்னைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். டின் துருப்பிடித்துவிட்டதா?

செல்வம், அடிலெய்ட்

துரு இல்லை அக்கா. டின்னுக்குள் அலுமினியத்தின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். ஒயினின் கந்தகம் அதைக் கடந்து உலோகத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும், அதுதான் முட்டை நாற்றம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புளிப்பு கூடின ஒயினில் கந்தகத்தில் அதிகப் பங்கு பூச்சைக் கடக்கும் வடிவத்தில் இருக்கும், அதனால் வெள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். பெட்டியில் கந்தகம் குறைந்தால் கெடும், டின்னில் கூடினால் கெடும். ஒரே ஒயினை இரண்டிலும் அப்படியே நிரப்ப முடியாது.

லேசான நாற்றம் என்றால் கிளாஸில் ஊற்றிச் சுழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், போய்விடும். போகவில்லையென்றால் கொட்டிவிடுங்கள். புதிய டின்னாகப் பார்த்து வாங்குங்கள்.

மேரி, நாகர்கோவில்

நாங்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவோம். மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது காலியான ஒயின் பை நான்கு கொண்டுவருகிறேன் என்கிறான். பாட்டிலுக்குப் பதில் அதில் ஊற்றி வைக்கலாமா?

செல்வம், அடிலெய்ட்

வேண்டாம் அம்மா. வீட்டு ஒயினில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மிச்சம் இருக்கும், உள்ளே நுரைத்துக்கொண்டே இருக்கும். வாயு போக வழியில்லாமல் பை பந்துபோல வீங்கும். குழாயின் உள்பக்கத்தைக் கழுவவும் முடியாது. நன்றாகக் கழுவிய பாட்டிலே போதும்.

தர்ஷன், ஒஸ்லோ

இங்கே நோர்வேயில் 3 லிட்டர் பெட்டிதான் வழக்கம், பப்வின் என்று சொல்வோம். நாலு போத்தல் அளவு. நானும் மனைவியும் வெள்ளி, சனி மட்டும் பாவிக்கிறோம், இரண்டு நாளும் சேர்த்து அரை லிட்டர் போகும். ஆறு வாரத்தில் சரியாக முடியும். சிவப்பு என்றாலும் திறந்த பிறகு குளிரூட்டியில்தான் வைப்போம், அரை மணித்தியாலம் முன்னால் கிளாஸில் பிடித்து வெளியே வைத்தால் போதும். வெளியே வைத்த பெட்டி ஒன்று நாலாம் வாரமே மங்கிப்போனது.

ஆனால் பிறந்தநாளுக்கு வாங்கி நாலைந்து வருசம் வைக்க நினைக்கும் ஒயினுக்குப் போத்தல்தான்.

கீதா, மெல்பர்ன்

செல்வம் அண்ணா, அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். குமிழ் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. தேதியைப் பார்த்தால், நான் வாங்கியபோதே ஐந்து வாரம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. அதனால்தான் தள்ளுபடி.

தர்ஷன் போல நானும் கணக்குப் போட்டேன். எனக்கு வாரம் 600 மில்லி. 4 லிட்டர் என்றால் ஏழாவது வாரம் வரை இழுக்கும், 2 லிட்டர் மூன்றரை வாரத்துக்குள் முடியும். லிட்டர் விலை கொஞ்சம் கூடினாலும் இனி எனக்கு 2 லிட்டர்தான். நேற்று கடையில் மூன்று அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். பின்வரிசையில் இருந்ததற்கு ஏழு மாதம் மிச்சம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

ரவி, உங்கள் இரண்டரை மாதப் பெட்டி ஃபிரிட்ஜில் இருந்ததா, வெளியிலா?