கெனோபிக்காரர் ஒட்டி அனுப்பின பழைய சேட், உண்மையா இல்லையான்னு எப்படி பாக்குறது?

சிப்புட் பொண்ணு: வணக்கம், நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். அக்கா நலங்குக்கு கெனோபி எடுத்தோம், அம்மா வாட்சப்ல 1,200 வெள்ளின்னுதான் பேசினாங்க, இப்ப அவரு 1,800ன்னு சொல்றாரு, கேட்டா "பழைய சேட்ட பாருங்க"ன்னு இத ஒட்டி அனுப்பினாரு. அம்மா போன் மாத்தினதுல பழசு எல்லாம் போச்சு.

```
[14/02/2025, 8:41:07 PM] Rani Aunty: ok thambi 1800, naalaiku deposit poduren
```

லாரி அண்ணன்: உடனே 997க்கு அடிங்க, ஸ்கேம்தான்.

சிப்புட் பொண்ணு: இல்லண்ணே, ஆளு தெரிஞ்சவரு, கெனோபியும் போட்டு குடுத்தாரு, காசுதான் தகராறு.

குமார் பீடோர்: செகண்ட் வரைக்கும் டைம் இருக்கு பாருங்க, வாட்சப்ல காப்பி பண்ணா அப்படி வராது, கையால அடிச்சதுதான்.

ரிப்பேர் கடை மாமா: அது பாதி சரி தம்பி. ஆண்ட்ராய்டுல நாலஞ்சு மெசேஜ் சேத்து காப்பி பண்ணா செகண்ட் வராது, ஆனா ஐபோன்ல வரும். அவரு எந்த போன் வெச்சிருக்காருன்னு கேளும்மா. ஆண்ட்ராய்டுன்னா இந்த வரி எங்கேந்து வந்துச்சுன்னு அவருதான் சொல்லணும். ஆனா போன் ஒத்துப்போனாலும் ஒண்ணும் ருசுவாகாது, ஒட்டுனது வெறும் எழுத்துதானே, அனுப்பறதுக்கு முன்னாடி 2ஐ 8ஆ மாத்த எவ்ளோ நேரம் ஆகும். நான் பாக்குறது வேற. டெபாசிட் எப்ப போட்டீங்க?

சிப்புட் பொண்ணு: பேங்க் ஆப்ல 11 பிப்ரவரின்னு இருக்கு மாமா, 300 வெள்ளி.

ரிப்பேர் கடை மாமா: அப்ப 14ஆம் தேதி ராத்திரி "நாளைக்கு டெபாசிட் போடுறேன்"னு எப்படிம்மா சொல்வாங்க? இதான் பெரிய முரண். ரெண்டாவது டெபாசிட்டுன்னு ஏதாச்சும் பேசியிருந்தா மட்டும்தான் ஒத்துவரும், அம்மாகிட்ட அதையும் கேட்டுக்கோ.

மலர் கோலகங்சார்: எங்க வீட்டு ஓனர் முழு சேட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி பைலா அனுப்பினாரு, அத நம்பலாம்தானே?

ரிப்பேர் கடை மாமா: அதுவும் டெக்ஸ்ட் பைல்தாம்மா, திறந்து திருத்தி சேவ் பண்ணலாம். சேட்டுக்குள்ள இருக்குற மெசேஜ் வேற கதை, அம்மா அனுப்பினத அவரால எடிட் பண்ண முடியாது, அனுப்பினவங்களே 15 நிமிசத்துக்குள்ளதான் மாத்தலாம், மாத்தினா கீழ குறி வரும். அதனால நேர்ல போயி அவரு போன்ல அந்த தேதிக்கு தேடி எடுத்து, மேலயும் கீழயும் இருக்குறத சேத்து பாருங்க. வர முடியலைன்னா அந்த மெசேஜ அழுத்திப் பிடிச்சு அதுக்கே ரிப்ளை போடச் சொல்லுங்க, அந்த வரி மேற்கோளா உங்க போனுக்கு வரும். மோட் ஆப்ல அதையும் ஏமாத்த முடியும், ஆனா கெனோபி காசுக்கு அந்த அளவு யாரும் போக மாட்டாங்க. ஸ்கிரீன்ஷாட்டோட நிறுத்திடாதீங்க.

குமார் பீடோர்: பழைய போன் வீட்ல இருக்கா சிஸ்டர்? சார்ஜ் போட்டு பாருங்க, அதுலயே சேட் கிடக்கலாம்.

சிப்புட் பொண்ணு: தம்பிகிட்ட இருக்கு, கேம் விளையாட ரீசெட் பண்ணானா இல்லையான்னு தெரியல. ரிப்ளை போடச் சொல்லி அவருக்கு அனுப்பிட்டேன், ரெண்டு நீல டிக் வந்துருச்சு, இன்னும் பதில் இல்ல.