ஹை-லோ முறையில் மாறும் செலவு மணிக்கு 52 ரூபாய் மட்டுமே வருகிறது, ரிக்ரஷனில் 93. எதை வைத்து விலை சொல்வது?

ஓசூர் மோல்டிங்

வணக்கம். ஓசூரில் நான்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்கள் வைத்து, ஆட்டோ பாகங்கள் செய்யும் சிறிய யூனிட் நடத்துகிறேன். மூலப்பொருள், ஆட்கள் சம்பளம், வாடகை ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டேன். அவற்றில் குழப்பம் இல்லை. கரண்ட், மெஷின் பராமரிப்பு, ஆயில், ஸ்பேர்ஸ் எல்லாம் சேர்ந்த செலவில்தான் எது நிலைச் செலவு, எது மாறும் செலவு என்று தெரியவில்லை.

2024-25 கணக்கு இது. நடுவில் மெஷின் ஓடிய மணி, கடைசியில் செலவு (ஆயிரம் ரூபாயில்):

```
ஏப்ரல்      900   214
மே          620   230
ஜூன்        780   199
ஜூலை        860   201
ஆகஸ்ட்      940   230
செப்டம்பர்  1020  225
அக்டோபர்   1180  259
நவம்பர்     700   183
டிசம்பர்    820   209
ஜனவரி       960   226
பிப்ரவரி    880   206
மார்ச்     1100   244
```

அதிகம் ஓடிய அக்டோபரையும் குறைவாக ஓடிய மே மாதத்தையும் எடுத்தால், 560 மணி வித்தியாசத்துக்குச் செலவு 29,000 ரூபாய்தான் கூடியிருக்கிறது. அதாவது மணிக்கு 52 ரூபாய், மாதம் 1,98,000 நிலைச் செலவு. எக்செல்லில் ரிக்ரஷன் போட்டால், அதாவது பன்னிரண்டு மாதத்துக்கும் பொருந்தும்படி ஒரே கோடு போட்டால், மணிக்கு 93 ரூபாய், நிலைச் செலவு 1,35,000. கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.50.

மாதம் 150 மணி நேர வேலை ஒன்று வந்திருக்கிறது. பார்ட்டி விலையை இறுக்கிப் பிடிக்கிறார். 52-ஆ 93-ஆ என்பதைப் பொறுத்து என் அடிமட்ட விலையே மாறுகிறது. எதை நம்புவது?

வரவுசெலவு ரவி

ரிக்ரஷனையே எடுத்துக்கொள்ளுங்கள் சார். ஹை-லோ இரண்டே மாதத்தைப் பார்க்கிறது, மீதிப் பத்து மாதத் தகவலைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. ரிக்ரஷன் பன்னிரண்டையும் எடுப்பதால், ஏதாவது ஒரு மாதம் தப்பாக இருந்தாலும் மற்ற மாதங்கள் அதைச் சரிக்கட்டிவிடும். 93 என்று வைத்து விலை சொல்லுங்கள்.

பெருந்துறை பீர்

மெஷின் தேய்மானத்தை எந்த முறையில் போட்டிருக்கிறீர்கள்? நேர்கோட்டு முறையா, குறைந்து செல்லும் முறையா? அதைச் சொல்லாமல் நிலைச் செலவு எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஓசூர் மோல்டிங்

பீர் அண்ணா, இந்தத் தொகையில் தேய்மானம் இல்லை. கரண்ட்டும் பராமரிப்பும் மட்டும்தான்.

செலவுக் கணக்கர் சுபா

ரவி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. ஒரு மாதம் தப்பாக இருந்தால் மற்றவை சரிக்கட்டிவிடும் என்பது, அந்த மாதம் நடுவில் இருந்தால் ஓரளவு பொருந்தும். இங்கே தப்பான மாதம் கோட்டின் ஓரத்தில் இருக்கிறது. ரிக்ரஷனில் ஓரத்துப் புள்ளிக்குத்தான் இழுக்கும் பலம் அதிகம்.

மே மாதத்தைப் பாருங்கள். 620 மணிதான் ஓடியிருக்கிறது, செலவு 2,30,000. நவம்பரில் 700 மணி ஓடியும் 1,83,000தான். மே மாதத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற பதினொன்றுக்கும் ரிக்ரஷன் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 151 ரூபாய், நிலைச் செலவு 79,000, ஆர்-ஸ்கொயர் 0.94. ஒரே ஒரு மாதம் 151-ஐ 93-ஆகக் கீழே இழுத்திருக்கிறது. ஆகவே 52, 93 இரண்டுமே வேண்டாம்.

அந்தக் கோட்டின்படி மே மாதச் செலவு சுமார் 1,72,000 இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 58,000 ரூபாய் எங்கிருந்தோ கூடுதலாக வந்திருக்கிறது. மே மாத வவுச்சர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காரணம் கிடைக்காமல் ஒரு மாதத்தை நீக்கக் கூடாது. பிடிக்காத புள்ளியையெல்லாம் எடுத்துக்கொண்டே போனால் எந்தக் கோடும் அழகாகத்தான் வரும்.

ஓசூர் மோல்டிங்

பார்த்துவிட்டேன் மேடம். ஆர்டர் குறைவாக இருந்த மாதம் என்பதால் மே மாதத்தில்தான் ஆண்டு ஓவர்ஹால் செய்கிறோம். இரண்டு மெஷினுக்கு ஸ்க்ரூ, பேரல் வேலை, ஹைட்ராலிக் ஆயில் முழுக்க மாற்றியது, எல்லாம் சேர்த்து 56,000. அப்படியென்றால் மே மாதத்தை எடுத்துவிடலாமா?

செலவுக் கணக்கர் சுபா

மாதத்தை எடுக்காதீர்கள், ஓவர்ஹால் தொகையை மட்டும் எடுங்கள். 620 மணி ஓடியபோது சாதாரணச் செலவு எவ்வளவு என்பது அருமையான தகவல். அவ்வளவு குறைவாக ஓடிய மாதம் வேறு இல்லை. 230-ல் 56 போக 174 என்று போட்டு மறுபடி ஓட்டுங்கள். வெறும் SLOPE போடாமல் இதைப் போடுங்கள்:

```
=LINEST(C2:C13,B2:B13,TRUE,TRUE)
```

ஐந்து வரிசை, இரண்டு பத்தி வரும். பழைய எக்செல் என்றால் அந்த இடத்தை முதலில் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். முதல் வரிசையில் இடது பக்கம் மணிக்கான செலவு, வலது பக்கம் நிலைச் செலவு. இரண்டாம் வரிசையில் அவை ஒவ்வொன்றின் திட்டப் பிழை.

எனக்கு வந்தது: மணிக்கு 149 ரூபாய், பிழை சுமார் 10. நிலைச் செலவு 80,600, பிழை சுமார் 9,400. பிழையை இரண்டால் பெருக்கி இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். மாறும் செலவு ஏறத்தாழ 128-லிருந்து 170-க்குள் இருக்கலாம், நிலைச் செலவு 62,000-லிருந்து 99,000 வரை இருக்கலாம். பன்னிரண்டே மாதம் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் அகலம்தான்.

ஓவர்ஹால் 56,000 மறைந்துவிடவில்லை. வருடம் ஒருமுறை நிச்சயம் வரும் செலவு அது. பன்னிரண்டால் வகுத்து மாதம் 4,700 என்று நிலைச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரவுசெலவு ரவி

மேடம், ஒரு சந்தேகம். மே மாதத்தைச் சரிசெய்த பிறகு ஹை-லோ போட்டுப் பார்த்தேன். 259-ல் 174 போக 85, அதை 560-ஆல் வகுத்தால் மணிக்கு 152. நிலைச் செலவு 80,000. ரிக்ரஷன் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். அப்படியென்றால் ரிக்ரஷன் எதற்கு?

செலவுக் கணக்கர் சுபா

நல்ல கேள்வி ரவி. கணக்கைச் சுத்தம் செய்ததில்தான் பெரிய வித்தியாசம் வந்தது, முறையை மாற்றியதில் இல்லை. இந்த யூனிட்டில் இரு ஓர மாதங்களும் இப்போது கோட்டருகே அமைந்துவிட்டன, அதனால் ஹை-லோ பொருந்துகிறது. அடுத்த வருடம் அமையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அமையவில்லை என்பதை ஹை-லோ தானாகச் சொல்லவும் சொல்லாது. இரண்டு புள்ளி வழியாக ஒரு கோடு எப்போதும் துல்லியமாகப் போகும், மிச்சம் எதுவும் இருக்காது.

ரிக்ரஷனில் ஒவ்வொரு மாதத்துக்கும் மிச்சம் கிடைக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் உதவும். ஓசூர் சார், கோடு சொல்வதற்கும் நிஜச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஜூலை 7,700 குறைவு, ஆகஸ்ட் 9,400 அதிகம். ஒரு மாதம் குறைந்து அடுத்த மாதம் ஏறக்குறைய அதே அளவு கூடினால், ஜூலையில் நடந்த வேலையின் பில் ஆகஸ்ட் கணக்கில் ஏறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவேன். பார்க்கிறீர்களா?

கரூர் தறி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தறிக்கூடத்தில் கரண்ட் செலவுக்கு இதே ரிக்ரஷன் போட்டேன். நிலைச் செலவு மைனஸில் வந்தது! தறி ஓடாமல் இருந்தால் மின்வாரியம் எனக்குப் பணம் தருமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஃபார்முலா தப்பா?

செலவுக் கணக்கர் சுபா

ஃபார்முலா தப்பாக இருக்காது. இரண்டு விஷயம் பாருங்கள். மீட்டர் ரீடிங் எந்தத் தேதியில் எடுக்கிறார்கள்? 18-ம் தேதி எடுத்தால் அந்த பில் போன மாதம் பாதி, இந்த மாதம் பாதி. தறி ஓடிய மணியையும் ரீடிங்குக்கு ரீடிங் கூட்ட வேண்டும், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டக் கூடாது. ஆனால் இந்தத் தேதிக் குழப்பம் பெரும்பாலும் கோட்டைப் படுக்கவைத்து நிலைச் செலவைக் கூட்டித்தான் காட்டும். மைனஸ் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வேறொன்றை: வேலை அதிகமுள்ள மாதங்களில் மட்டும் ஜெனரேட்டர் டீசல் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் கோடு மேல்பக்கம் செங்குத்தாகி, இடது ஓரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

எப்படியும், பூஜ்ய மணியில் வரும் தொகையை நிஜமான செலவாகப் படிக்காதீர்கள். ஓசூர் சாருடைய கணக்கு 620-லிருந்து 1180 மணிக்குள்தான் பேசுகிறது. அதற்கு வெளியே அந்தக் கோடு வெறும் ஊகம்.

கரூர் தறி

டீசல் சேர்ந்துதான் இருக்கிறது மேடம். பிரித்துப் பார்க்கிறேன்.

ஓசூர் மோல்டிங்

மேடம், நீங்கள் சொன்னது சரி. சில்லர் ரிப்பேர் 8,000 ரூபாய், வேலை ஜூலைக் கடைசியில் நடந்தது, பில் ஆகஸ்டில் ஏறியிருக்கிறது. மாற்றிப் போட்டேன். மணிக்கு 147 ரூபாய், பிழை 7 ஆகக் குறைந்துவிட்டது. நிலைச் செலவு 82,700, ஓவர்ஹால் பங்கோடு 87,400. ஆர்-ஸ்கொயர் 0.98.

150 மணிக்குச் சுமார் 22,000 ஆகிறது. பழைய 52-ஐ வைத்திருந்தால் 7,800 என்று நினைத்திருப்பேன். சம்பளம், மூலப்பொருளோடு இந்த 22,000-ஐயும் வைத்தே விலை சொல்லப் போகிறேன்.

செலவுக் கணக்கர் சுபா

விலை சொல்வதற்கு முன் இரண்டு சங்கதி. அக்டோபர் மாதிரி மாதத்தில் இந்த 150-ஐச் சேர்த்தால் 1330 மணி ஆகிறது, உங்கள் கணக்கு எட்டாத இடம். அப்போது மூன்றாவது ஷிப்ட் வேண்டுமா, இரவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டுமா என்பதை ரிக்ரஷன் சொல்லாது. அதை நீங்கள்தான் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, 2024 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் 4.83 சதவீத அளவில் ஏறியது. உங்கள் முதல் மூன்று மாதம் பழைய கட்டணம். ஆகவே கரண்டை ரூபாயில் ஓட்டாமல், மீட்டர் யூனிட்டை மணிக்கு எதிராக ஓட்டுங்கள். பிறகு இன்றைய விலையால் பெருக்குங்கள். கிலோவாட்டுக்கான நிலைக்கட்டணம் பில்லிலேயே தனியாக அச்சாகியிருக்கும், அதைக் கண்டுபிடிக்க ரிக்ரஷன் தேவையே இல்லை. பராமரிப்பை மட்டும் தனிக் கோடாகப் போடுங்கள்.

வரவுசெலவு ரவி

பராமரிப்பு மட்டும் தனியாகப் போட்டால் மணியோடு சேர்ந்து நகருமா மேடம்? மெஷின் ஓயாமல் ஓடும் மாதத்தில் ரிப்பேரைத் தள்ளிப்போட்டு, ஓய்வான மாதத்தில்தானே செய்கிறோம்?

செலவுக் கணக்கர் சுபா

அந்தச் சிக்கல் உண்டு. மே மாத ஓவர்ஹாலே அதற்குச் சாட்சி. சிறு ரிப்பேர்களிலும் அப்படி நடந்தால் கோடு மாறும் செலவைக் குறைத்துக் காட்டும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றால் பன்னிரண்டு புள்ளி நான்காகிவிடும். இதற்கு என்னிடம் சுத்தமான தீர்வு இல்லை. முந்தைய வருடக் கணக்கும் கையில் இருந்தால் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஓசூர் மோல்டிங்

2023-24 இருக்கிறது. ஆனால் அப்போது மூன்று மெஷின்தான். மீட்டர் யூனிட்டும் ரிப்பேர் பில்களும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.