கணக்காளர் என்று சொல்லி ரீசெட் கேட்கிறார், செய்யலாமா? அவசரம்

டெஸ்க்_காரைக்குடி: தேவகோட்டைக் கிளைக் கணக்காளர் என்று ஒருவர் போன் செய்தார். போன் தொலைந்து புதுசு வாங்கினாராம், லாகின் ஆகவில்லையாம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பழைய போனில் இருந்த ஓடிபி செயலியையும் நீக்கச் சொல்கிறார். பணியாளர் எண், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் திரும்ப அழைப்பார். செய்துவிடலாமா?

மணி_நெட்: எந்த லாகின்? மெயிலா, பணம் அனுப்பும் மென்பொருளா? எந்த எண்ணிலிருந்து வந்தார்?

புதுவயல்_கடை: எனக்கும் இதே தொல்லை, வங்கி ஓடிபி வரவில்லை. சிம்மைக் கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது.

மூத்தவன்: பிறந்த தேதியை வைத்து ஆளை நம்புகிற டெஸ்க் இன்னும் இருக்கிறதா? அடிப்படையைப் படித்துவிட்டு வா தம்பி. ஆதார் கடைசி நான்கு எண் கேள், முடிந்தது.

வள்ளி_சிஸ்டம்ஸ்: ஆதாரும் அதே ரகம்தான் சார், ஜெராக்ஸ் கடை கடையாகக் கிடக்கிறது. ஆளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுப் பயனில்லை. அழைப்பை வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே பதிவாகி இருக்கும் எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். பாஸ்வேர்டும் ஓடிபியும் ஒரே அழைப்பில் கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது, இரண்டும் போனால் கணக்கு முழுசாக அவர் கையில். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஜிஎம் சூதாட்ட விடுதிகளில் நடந்த தாக்குதலும் ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த ஒரு போனில்தான் தொடங்கியதாகச் செய்திகள் சொல்லின.

மூத்தவன்: வீடியோ கால் போட்டு முகத்தைப் பார்த்தால் போதுமே.

மணி_நெட்: கிளை ஆளின் முகம் டெஸ்க்கில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? முகத்தையும் இப்போது போலியாகக் காட்டுகிறார்கள்.

மூத்தவன்: எல்லாவற்றுக்கும் பயந்தால் வேலை நடக்காது.

டெஸ்க்_காரைக்குடி: மெயில்தான். பதிவில் இருக்கும் எண்ணும் அவர் அழைத்த எண்ணும் ஒன்றுதான். அப்போ சரிதானே? மனிதவளத்தில் நேற்றுத்தான் எண்ணை மாற்றியிருக்கிறார்கள், மெயிலில் கேட்டாராம்.

வள்ளி_சிஸ்டம்ஸ்: நிறுத்துங்கள். நேற்று மாறிய எண்ணை நம்பக் கூடாது. முதலில் எண்ணை மாற்ற வைத்துவிட்டு, மறுநாள் ரீசெட் கேட்பது இவர்கள் வழக்கம். அந்த மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள். கிளையின் லேண்ட்லைனுக்கு அழைத்து மேலாளரிடம் பேசி, அவரையே கணக்காளர் இருக்கைக்குப் போகச் சொல்லுங்கள். அதுவரை எதையும் தொடாதீர்கள்.

டெஸ்க்_காரைக்குடி: லேண்ட்லைனில் பேசிவிட்டேன். கணக்காளர் இருக்கையில்தான் இருக்கிறார், போன் தொலையவே இல்லை. எண் மாற்றக் கேட்ட மெயில் வெளி ஜிமெயிலில் இருந்து. நன்றி அக்கா.

வள்ளி_சிஸ்டம்ஸ்: பழைய எண்ணைத் திருப்பிப் போடுங்கள். இந்த வாரம் வேறு யார் எண்ணாவது இப்படி மாறியதா என்றும் பாருங்கள், ஒருவரோடு நிற்க மாட்டார்கள்.

மணி_நெட்: எங்கள் ஆட்களில் சிலர் சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். லேண்ட்லைனும் இல்லை, பக்கத்தில் மேலாளரும் இல்லை. அவர்களை எப்படிச் சரிபார்ப்பது?