[கலைச்சொல்] ஸ்பார்ஸ் ரிட்ரீவலுக்கு ‘அருகல்’ சரிவருமா?

தாமரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேடுபொறி மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கி வருகிறோம். ‘லேர்ன்ட் ஸ்பார்ஸ் ரிட்ரீவல்’ என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. இப்போதைக்குக் ‘கற்ற அருகல் மீட்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்தால் எனக்கே புரியவில்லை. இன்வெர்ட்டெட் இண்டெக்ஸுக்குப் பழைய பதிப்பில் ‘தலைகீழ்ச் சுட்டு’ என்று இருக்கிறது. மாற்றுவதானால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம். என்ன சொல்கிறீர்கள்?

அன்பு எழுதியது:

தாமரை, ஸ்பார்ஸ் என்றால் குறைவு, அவ்வளவுதான். ஆவணத்தில் உதவாத சொற்களை மாடல் கழித்துவிட்டு முக்கியமான நாலைந்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. ‘சொற்சுருக்கத் தேடல்’ என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

முத்துக்குமரன் எழுதியது:

> உதவாத சொற்களை மாடல் கழித்துவிட்டு

பாதி சரி, அன்பு. உதவாத சொல்லின் எடையை மாடல் சுழியாக்கும், உண்மை. ஆனால் ஆவணத்தில் இல்லாத சொற்களையும் அது சேர்க்கிறது. பெரும்பாலும் ஆவணம் சுருங்காது, பெருகும். பெயர் வைக்கும் முன் உள்ளே நடப்பதை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஓர் ஆவணம்: “நெற்பயிரில் குலைநோய் தென்பட்டால் தழைச்சத்து இடுவதைத் தள்ளிப்போடவும்.” விவசாயி தேடுவது: “யூரியா போட்டால் நெல்லில் புள்ளி கூடுமா”. சொல்லுக்குச் சொல் பொருத்தினால் ஒன்றுகூடப் பொருந்தாது. ‘நெற்பயிரில்’ வேறு, ‘நெல்லில்’ வேறு. சொற்பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும் பழைய பிஎம்25 எவ்வளவு நல்ல சூத்திரமாக இருந்தாலும் இல்லாத சொல்லுக்கு மதிப்பெண் போட அதனால் முடியாது.

நாம் பெயர் தேடும் வகையைச் சேர்ந்த ஸ்ப்ளேட் (2021) என்ன செய்கிறது என்றால், ஆவணத்தை பெர்ட் என்ற மொழி மாடலுக்குள் அனுப்புகிறது. விடுபட்ட சொல்லை ஊகிக்கப் பழகிய அதே மேலடுக்கை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பைக் கேட்கிறது. பிறகு ஒரு சொல்லுக்கு எல்லா இடங்களிலும் கிடைத்தவற்றில் பெரியதை எடுத்துக்கொள்கிறது:

```
w_j = max_i log(1 + ReLU(s_ij))
```

எதிர்மதிப்பெல்லாம் சுழியாகிவிடும். மடக்கை இருப்பதால் ஒரே சொல் மற்றவற்றை மிதித்துக்கொண்டு ஏற முடியாது. (முதல் வடிவத்தில் பெரியதை எடுக்காமல் கூட்டினார்கள்.) எடையை 100ஆல் பெருக்கி முழு எண்ணாக்கி, ‘இந்தச் சொல் இத்தனை தடவை வந்தது’ என்பதுபோல லூசீன் தேடல் மென்பொருளிடம் கொடுத்துவிடலாம். மேற்படி ஆவணத்துக்கு நானாகப் போட்ட எண்களோடு:

```
{"id": "பயிர்-17",
 "vector": {"குலை": 210, "நெல்": 160, "யூரியா": 90,
            "பூஞ்சை": 90, "புள்ளி": 70, "வாழை": 60}}
```

உண்மையில் இவை முழுச்சொற்களாக இரா, துண்டுகளாக இருக்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வினவற் சொல் ஒவ்வொன்றுக்கும் எடை 1 என்றால் அந்த விவசாயியின் கேள்விக்கு 160 + 90 + 70 = 320. ஆவணம் மேலே வந்துவிடும். மாடல் ஓடியது அடைவு, அதாவது இண்டெக்ஸ், கட்டும்போது ஒருமுறைதான். தேடும்போது பழைய பட்டியலைப் புரட்டிக் கூட்டுவதே வேலை.

ஆகவே ‘ஸ்பார்ஸ்’ என்பது ஆவணத்தைப் பற்றியது அல்ல. அகராதி முழுவதையும் ஒரு நீண்ட வரிசையாக வைத்தால் ஒரு சில இடங்களில் மட்டும் எண் இருக்கிறது, மற்றதெல்லாம் சுழி. வரிசைதான் ஐது. அப்படி இருப்பதால்தான் அடைவு சாத்தியமாகிறது.

‘அருகல்’ வேண்டவே வேண்டாம். அருகுதல் என்பதற்குக் குறைதல் என்றும் பொருள், கிட்ட வருதல் என்றும் பொருள். இந்த முறைக்கு எதிர்முனையில், வரிசை முழுவதும் எண் நிரம்பியிருக்கும் டென்ஸ் ரிட்ரீவலின் அடிப்படையே ‘அண்மை அயலாரைத்’ தேடுவது. படிப்பவர் நேரெதிராகப் புரிந்துகொள்வார்.

இராசரத்தினம் எழுதியது:

பிள்ளைகளுக்கு வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் ஐதான கரைசல், செறிந்த கரைசல் என்றுதான் எழுதுகிறோம். தமிழகத்தில் நீர்த்த கரைசல் என்பீர்கள். தம்பி முத்துக்குமரன் தன்னை அறியாமலே ‘ஐது’ என்று எழுதிவிட்டார். அதையே எடுத்துக்கொள்ளலாம். ஐது, அடர் என்று இணையாகவும் வரும்.

‘கற்ற’ என்பது பிழை. ‘கற்ற தேடல்’ என்றால் புலமை மிக்க தேடல் என்றாகும். இங்கே கற்றது தேடலும் அல்ல, எடை. எடை தானாகக் கற்கவும் இல்லை, பயிற்றப்பட்டது. எனவே பயில் அல்ல, பயிற்று. பயிற்று + எடை = பயிற்றெடை.

‘மீட்பு’ எனக்கு வெள்ளத்தில் படகு விடுவதையே நினைவூட்டுகிறது. தேடல் என்றே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். எடை என்பதா, நிறை என்பதா? எங்களுக்கு நிறை, திணிவு. உங்களுக்கு எடை, நிறை. நீங்கள் நிறை என்று எழுதினால் எங்கள் மாணவர் ஒன்றை நினைப்பார், உங்கள் மாணவர் வேறொன்றை நினைப்பார்.

முத்துக்குமரன் எழுதியது:

ஐயா, ‘எடை’ என்றே வைப்போம். அது இரு பக்கமும் குழப்பாது. ‘பயிற்றெடை’ மிகவும் பிடித்திருக்கிறது.

‘தலைகீழ்ச் சுட்டு’ பற்றி: நம் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதே, சொல்லைக் கண்டு பக்க எண்களுக்குப் போவது, அதுவேதான் இது. பக்க எண்ணுக்குப் பதில் ஆவண எண்ணும் எடையும். இதில் தலைகீழாக எதுவும் இல்லை. ‘சொல்லடைவு’ என்றே எழுதுங்கள்.

என் முன்மொழிவு: பயிற்றெடை அடைவுத் தேடல்.

தாமரை எழுதியது:

இதில் ‘விரிவு’ எங்கே போனது அண்ணா? புதுச் சொற்களைச் சேர்ப்பதுதானே முக்கியம் என்றீர்கள்? ‘விரிசொல் தேடல்’ என்றால் என்ன?

முத்துக்குமரன் எழுதியது:

நியாயமான கேள்விதான். ஆனால் குடும்பம் முழுவதற்கும் பெயர் தேடுகிறோம். 2019இல் வந்த டீப்சிடி ஆவணத்தில் இருக்கும் சொற்களுக்கே எடையை மாற்றிப் போட்டது. ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதே ஆண்டு வந்த டாக்2குவெரி, ‘இந்த ஆவணத்தை எந்தக் கேள்விகளால் தேடுவார்கள்’ என்று ஊகித்து அந்தக் கேள்விகளை ஆவணத்தின் வாலில் ஒட்டியது; எடை பழைய பிஎம்25தான். ஸ்ப்ளேட் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறது. பெயரில் விரிவைப் போட்டால் டீப்சிடி வெளியே நிற்கும். ‘சொல்விரிவு’ என்பதைத் தனிக் கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

விரிவு இலவசமும் அல்ல. என் எடுத்துக்காட்டில் ‘வாழை 60’ ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை! குலை என்றதும் மாடலுக்கு வாழைக்குலை நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது ஒருவர் ‘வாழை குலை’ என்று தேடுகிறார். நெல் ஆவணத்துக்கு 60 + 210 = 270. உண்மையான வாழை ஆவணத்தில் வாழை 150, குலை 110 என்று இருந்தால் 260. நெல் நோய்க் குறிப்பு முதலிடத்துக்கு வந்துவிடும். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான்: எது தவறு என்பதைக் கண்ணால் படிக்கலாம். அடைவில் ‘வாழை’ப் பட்டியலைத் திறந்து பயிர்-17ஐ நீக்கினால் 210க்கு இறங்கிவிடும். அடர் வெக்டரில் எந்த எண்ணைத் தொடுவீர்கள்? ஆனால் லட்சம் ஆவணத்துக்குக் கையால் திருத்த முடியாது. இந்தத் தவறான இணைகளைச் சேர்த்துவைத்து, ‘இது விடை அல்ல’ என்ற எதிர் எடுத்துக்காட்டாக மறுபயிற்சியில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, கட்டுப்பாடு இல்லாவிட்டால் மாடல் எல்லா ஆவணத்துக்கும் ஒரே நூறு சொற்களைச் சேர்த்துவிடும். அதற்காகப் பயிற்சியில் ஒரு தண்டம் உண்டு: ஒவ்வொரு சொல்லின் சராசரி எடையை வர்க்கமாக்கிக் கூட்டுவது. 100 ஆவணத்திலும் 0.5 எடையோடு வரும் சொல்லுக்குச் சராசரி 0.5, தண்டம் 0.25. பத்தில் மட்டும் வந்தால் சராசரி 0.05, தண்டம் 0.0025. சராசரி பத்து மடங்குதான், தண்டம் நூறு மடங்கு. நீண்ட பட்டியல்களை இதுதான் வெட்டுகிறது. தொடக்கத்திலேயே தண்டத்தைக் கடுமையாக வைத்தால் எல்லா எடையும் சுழியாகி மாடல் ஊமையாகிவிடும்; படிப்படியாக ஏற்றுவது வழக்கம்.

அன்பு எழுதியது:

இடையில் என் சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். நூலகப் பட்டியல் ஒன்றுக்கு ஆங்கில ஸ்ப்ளேட் மாடலையே வைத்துத் தமிழ்த் தலைப்புகளை ஏற்றினேன். ‘தீர்வு’ என்று தேடினால் ‘தரவு’ என்ற தலைப்புள்ள நூல்கள் வருகின்றன. தேடலும் மந்தம். இதுவும் சொல்விரிவுக் கோளாறுதானா?

முத்துக்குமரன் எழுதியது:

விரிவு அல்ல, அதற்கு முன்பே கெட்டுவிட்டது. அந்த மாடலின் அடி `bert-base-uncased` வகை. அது பிரெஞ்சு எழுத்துகளின் மேற்குறியை நீக்குவதற்காக யூனிகோடில் `Mn` வகையான எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் `Mn`. மற்ற உயிர்க்குறிகள் `Mc`, அவை தப்பிவிடும். ஓட்டிப் பாருங்கள்:

```python
import unicodedata as u
s = u.normalize("NFD", "தீர்வு")
print("".join(c for c in s if u.category(c) != "Mn"))
# தரவு
```

`strip_accents=False` கொடுத்து இதை நிறுத்தலாம், ஆனால் போதாது. அந்த அகராதியின் 30,522 துண்டுகளில் தமிழுக்குத் தனியெழுத்துகள்தாம் உள்ளன. புள்ளி போனபின் ‘மரம்’ என்பது ம, ர, ம என்று உடையும். ‘ம’ பட்டியலில் உங்கள் நூலகம் முழுவதும் இருக்கும். தேடல் மந்தம் அதனால்தான். சோதிக்க எளிய வழி: அடைவில் எத்தனை வெவ்வேறு தமிழ்த் துண்டுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். சில பத்துகளுக்குள் நின்றால் இதுதான் நோய்.

அடி மாடலையே மாற்றுங்கள். பன்மொழி பெர்ட்டின் `cased` வடிவம் குறிகளை நீக்காது. 1,19,547 துண்டுகள் இருந்தாலும் தமிழ்ச் சொல் அங்கேயும் நிறையவே உடைகிறது. பிஜிஇ-எம்3 என்ற மாடல் தமிழ் எடுக்கும், சொல் எடையும் தரும். ஆனால் உரையில் உள்ள துண்டுகளுக்கு மட்டும், சொல்விரிவு கிடையாது.

இராசரத்தினம் எழுதியது:

தீர்வு தரவாகிய கதையை இரண்டு முறை வாசித்தேன். புள்ளியை எடுத்துவிட்டால் ஓலைச்சுவடிதான்!

தம்பி, ஒரு மறுப்பு. ‘பயிற்றெடை அடைவுத் தேடல்’ நல்ல விளக்கம், ஆனால் அதில் ‘ஐது’ இல்லை. டென்ஸ் என்பதை ‘அடர் தேடல்’ என்று எழுதும் நூலில் அதன் இணை எங்கே என்று மாணவர் தேடுவார். ‘பயிற்று ஐதுத் தேடல்’ என்றல்லவா வர வேண்டும்?

முத்துக்குமரன் எழுதியது:

ஐயா, பிஎம்25கூட ஐதுதானே? பொதுப்பெயராக ‘ஐதுத் தேடல்’ இருக்கட்டும், அதன் ஒரு வகை பயிற்றெடை. ஆனால் ஐதான வரிசையை அடைவு இல்லாமல் வேறு கட்டமைப்பில் தேடுவோரும் உண்டு. அப்போது என் ‘அடைவு’ பொய்யாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தாமரை எழுதியது:

இந்த வாரப் பதிப்பில் சொல்லடைவு, பயிற்றெடை, சொல்விரிவு மூன்றும் போகின்றன. முழுத்தொடருக்கு இரண்டு பெயரையும் போட்டு வைக்கிறேன். ‘ஐதுத் தேடல்’ என்பதில் வலி மிகுமா, ‘ஐது தேடல்’தானா? இராசரத்தினம் ஐயாவும் அண்ணனும் மிகுத்தே எழுதுகிறீர்கள். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஒப்பவில்லை.