புதுப்பிப்பு: மாடிக் கழிப்பறைக்கு, வாய் கீழே தரையைப் பார்த்திருக்கும் எஸ் டிராப் பீங்கான் பொருத்தியாயிற்று

நான் அன்று கேட்டது: "கழிவுக் குழாய் தரையில் இருக்கிறது. சுவரிலிருந்து 260 மி.மீ. அந்த அளவில் கழிப்பறைப் பீங்கான் இல்லை. 300 மி.மீ. வாங்கலாமா?"

நல்லவேளை, வாங்கவில்லை. நான் அளந்தது வெறும் செங்கல் சுவரிலிருந்து. முப்பது வருடம் பிளம்பிங் வேலை பார்த்தவர் ஒருவர், "டைல்ஸ் முகத்திலிருந்து குழாயின் நடுமையம் வரை அளந்து சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 35 மி.மீ. தின்றுவிட்டன, மீதி சரியாக 225, ஏறக்குறைய ஒன்பது அங்குலம். ஒன்பது அங்குல எஸ் டிராப் வாங்கினோம், கச்சிதமாக உட்கார்ந்தது. 300 வாங்கியிருந்தால் அதன் தொட்டி சுவருக்குள் 75 மி.மீ. போக வேண்டியிருந்திருக்கும்!

"பி டிராப் வாங்கி வளைவு போட்டால் தரைக்கும் ஆகும்" என்று ஒரு நண்பர் சொன்னது பாதி சரி. பி டிராப்பின் வாய் பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். வளைவு போட்டுக் கீழே திருப்பலாம். ஆனால் அந்த வளைவு எங்கே இறங்குகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது. கடையில் பொருத்திக் காட்டச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். எஸ் டிராப்பைச் சுவர்க் குழாய்க்குத் திருப்ப வழியே இல்லை.

இந்தியன் கழிப்பறையில் நாற்றம் வருவதாகக் கேட்டவருக்கு: அங்கே டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு, தரைக்கடியில் தனியாக இருக்கும். முதலில் அதில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

கீழ்வீட்டில் குழாய் சுவரில் இருக்கிறது. தரையை உயர்த்திய பிறகு அதன் உயரம் பி டிராப்புக்குப் போதுமா என்பதை இனித்தான் அளக்க வேண்டும்.