ரே காஸ்டிங்: கலைச்சொல் வேண்டும்

மலர்விழி:
வணக்கம். ஒரு புள்ளி பலகோணத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ரே காஸ்டிங் முறைக்குச் சொல் தேவை. புள்ளியிலிருந்து வலப்பக்கமாக ஒரு கதிர் விட்டு, அது வெட்டும் பக்கங்களை எண்ணுகிறோம். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. கையேட்டு வரைவில் 'கதிர்வீச்சு முறை' என்று இருக்கிறது. படிப்பவர் நேராகக் கல்பாக்கம் போய்விடுவார்!

குமரன்:
'கதிர்வெட்டு முறை' எனலாம். கூடவே ஒரு குறிப்பும் வேண்டும். (2,0), (4,2), (2,4), (0,2) என்ற சாய்ந்த சதுரத்தில் நடுப்புள்ளி (2,2)-இலிருந்து போகும் கதிர் (4,2) உச்சியில் படும். அங்கே சேரும் இரு பக்கங்களையும் எண்ணினால் நட்டநடுப் புள்ளியே வெளியே என்று விடை வரும். ஆகவே உச்சியை ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

சிவநாதன்:
தம்பி, அது பாதிதான் சரி. (0,0), (6,0), (6,5), (3,2), (0,5) என்று வரைந்து பாருங்கள். மேல்பக்கம் பள்ளமாக இறங்கும். (1,2) உள்ளேதான் இருக்கிறது. அதன் கதிர் பள்ளத்தின் அடி உச்சியான (3,2)-ஐத் தொட்டு, பிறகு வலப்பக்கச் சுவரை வெட்டும். உங்கள் கணக்கில் இரண்டு, அதாவது வெளியே!

உச்சியைத் தனியாகப் பார்க்கவே வேண்டாம். பக்கத்தின் ஒரு முனை கதிருக்கு மேலேயும், மற்றது கதிரின் மட்டத்திலோ கீழேயோ இருந்தால் மட்டும் எண்ணுங்கள்.

```
if ((yi > y) != (yj > y) &&
    x < (xj - xi) * (y - yi) / (yj - yi) + xi)
    inside = !inside;
```

சதுரத்தில் ஒன்று, பள்ளத்தில் மூன்று, இரண்டும் சரி. கிடைமட்டப் பக்கம் முதல் வரியிலேயே கழிந்துவிடுவதால் சுழியத்தால் வகுக்கும் சிக்கலும் இல்லை. எங்கட பாடநூல்களில் பலகோணம் என்பது பல்கோணி, அதையும் கவனியுங்கோ.

தேன்மொழி:
எனக்கும் இதே பிரச்சினை. புதுச்சேரி எல்லைக் கோப்பில் எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் வெளியே என்கிறது. உச்சிதான் காரணமா?

சிவநாதன்:
இல்லைப் பிள்ளை. உச்சியில் தவறினால் சில புள்ளிகள்தான் பிசகும். ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், 79.8, 11.9 என்று. நீங்கள் மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். புதுச்சேரி பல துண்டுகளாகக் கிடப்பதால், எல்லாத் துண்டுகளின் பக்கங்களையும் சேர்த்தே எண்ணுங்கள். நடுவே தமிழ்நாட்டு நிலம் ஓட்டையாக இருந்தாலும், அந்த வளையத்தையும் சேர்த்தால் விடை சரியாகவே வரும்.

மலர்விழி:
புள்ளி எல்லைக்கோட்டின் மேலேயே விழுந்தால்?

சிவநாதன்:
இடப்பக்கச் சுவரில் இருந்தால் உள்ளே, வலப்பக்கச் சுவரில் இருந்தால் வெளியே என்று வரும். அடுத்தடுத்த இரு மனைகளுக்குப் பொதுவான சுவரில் விழும் புள்ளி ஒரு மனைக்கு மட்டுமே சேரும், அது நல்லதுதான். கோட்டின் மேல் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தனியாகச் சோதியுங்கள். தொட்டுத் திரும்புவது கணக்கில் சேராததால் 'வெட்டு' எனக்கு ஒட்டவில்லை. கடந்தால்தான் எண்ணுகிறோம், 'கதிர்க்கடப்பு' எப்படி?

குமரன்:
உங்கள் பள்ளத்தில் கதிர் உச்சியைத் தொட்டுத்தானே போகிறது ஐயா, கடக்கவில்லையே. ஆனாலும் இரண்டு எண்ணுகிறீர்கள். நான் 'கதிர்வெட்டு' பக்கமே.

மலர்விழி:
இப்போதைக்குக் கையேட்டில் இரண்டையும் போடுகிறேன். 'பலகோணம்', 'பல்கோணி' பற்றி இலங்கை நண்பர்கள் இன்னும் யாராவது சொல்லுங்கள்.