அப்பத்தா ஜாக்கெட்

குழு: பாம்பன் வீடு

கவிதா, இரவு 8:12
அப்பத்தாவுக்கு மூட்டு ரொம்பவே பிடித்துக்கொண்டது. ஜாக்கெட் போட்டுவிடவே இன்று காலை 20 நிமிடம் ஆனது. பிரபு நிச்சயத்துக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. என்ன மாதிரித் தைத்தால் சுலபம்?

முருகேசன் பெரியப்பா, 8:15
மூட்டியது வேண்டுமென்றால் மண்டபம் ஊரிலேயே தைத்துக் கொடுப்பார்கள். நானே இரண்டு கைலி மூட்டக் கொடுத்திருக்கிறேன்.

கவிதா, 8:16
பெரியப்பா, கைலி மூட்டுவது இல்லை. கை மூட்டு. வலது கை தோள் உயரத்துக்கு மேலே வரவில்லை, விரலும் மடங்கவில்லை.

செல்வி சித்தி, 8:20
முன்னால் ஜிப் வைத்த நைட்டி எடுத்துக் கொடு. எங்கள் அம்மாவுக்கு அதுதான்.

கவிதா, 8:21
சொல்லிப் பார்த்தேன் சித்தி. “நைட்டியோடு போய் சம்பந்தியை வாங்க என்று கேட்கவா?” என்கிறார்.

பிரபு, 8:24
சென்னையில் பனியன் துணி மாதிரி இழுபடும் ஜாக்கெட் கிடைக்கிறது. கொக்கியே கிடையாது, அப்படியே மாட்டிக்கொள்ளலாம். வாங்கி வரவா?

ராதா அத்தை, 8:41
இப்போதுதான் கடையை அடைத்தேன். பிரபு, துணி இழுபடுவது நல்லதுதான். ஆனால் தலைவழியாக மாட்ட இரண்டு கையும் மேலே போக வேண்டும். அம்மாவுக்கு வராதது அதுதானே. கழற்றும்போது இன்னும் மோசம், வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் முழுக்கத் திறக்கிற ஜாக்கெட்தான் வேண்டும்.
கவிதா, கொக்கி மாட்டுவது கஷ்டமா, கை நுழைப்பது கஷ்டமா?

கவிதா, 8:43
இரண்டும். கொக்கி நான் மாட்டிவிடுவேன். ஆனால் நான் வேலைக்குப் போனபிறகு அவரே கழற்ற முடியவில்லை. போதாக்குறைக்கு உப்புக்காற்றில் பாதிக் கொக்கி துருப்பிடித்துவிட்டது.

செல்வி சித்தி, 8:45
கை நுழைய வேண்டுமென்றால் கக்கத்தை நன்றாக இறக்கி வெட்டச் சொல்.

ராதா அத்தை, 8:52
பாதி சரி செல்வி. இறக்கி வெட்டினால் கை நுழையும். ஆனால் கையைக் கொஞ்சம் தூக்கினாலே ஜாக்கெட் முழுக்கக் கூடவே ஏறி இடுப்பு தெரியும், அம்மா நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். நான் செய்வது வேறு. கக்கத்தை அளவாகவே வெட்டி, கையும் உடம்பும் சேருகிற இடத்தில் 3 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலை மேலும் கீழுமாக வருகிற மாதிரி வைத்துத் தைப்பேன். நுழைக்கும்போது அது விரியும், கையைத் தொங்கப் போட்டால் உள்ளே மடிந்துவிடும், வெளியே தெரியாது. கைச்சுற்றும் வழக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல்.
போட்டுவிடும்போது வலிக்கிற கையை முதலில் விடு. கழற்றும்போது அது கடைசி. நீ எந்தக் கை முதலில்?

கவிதா, 8:53
இடது கை. அது நல்ல கை என்பதால்.

ராதா அத்தை, 8:54
அதுதான் 20 நிமிடம். நாளையே மாற்றிப் பார்.

பிரபு, 8:57
கொக்கிக்குப் பதில் காந்தப் பட்டன்? தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

ராதா அத்தை, 9:01
ஐயாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதே, மறந்துவிட்டாயா? காந்தத்தை அதிலிருந்து அரை அடியாவது தள்ளி வைக்கச் சொல்வார்கள். அம்மா ஜாக்கெட்டை மடித்து ஐயா மடியில்தான் போடுவார். இந்த வீட்டில் காந்தம் வேண்டாம்.
டிச் பட்டனும் வேண்டாம், அழுத்தக் கட்டைவிரலில் பலம் வேண்டும். வெல்க்ரோதான்.

செல்வி சித்தி, 9:04
ஐயோ, அது குத்தும். சேலை நூலையும் இழுத்துவிடும்.

ராதா அத்தை, 9:13
வைக்கிற விதத்தில் இருக்கிறது. சொரசொரப்பான பக்கம் அடிப் பட்டியில் வெளியே பார்த்து இருக்க வேண்டும், மெத்தென்ற பக்கம் மேல் பட்டியின் உள்ளே. அப்போது உடம்பில் படுவது துணி மட்டும்தான். சொரசொரப்பை முக்கால் அங்குல அகலமும் மெத்தென்றதை 1 அங்குல அகலமும் வைத்தால், கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் முரட்டு ஓரம் எட்டிப் பார்க்காது. சேலை நூல் இழுபட்டால் ஓரம் தெரிகிறது என்று அர்த்தம்.
மேலிருந்து கீழே ஒரே நீளமாக வைக்கவே கூடாது. உட்கார்ந்தால் அட்டை மாதிரி நிற்கும், பிரிக்கவும் பலம் வேண்டும். 1 அங்குலத் துண்டாக 5 போதும். மேல் பட்டி ஓரத்தில் அரை அங்குலம் ஒட்டாமல் விட்டால் கட்டைவிரலை நுழைத்து இழுத்துக்கொள்வார்.

கவிதா, 9:15
துணி மல் எடுக்கட்டுமா? மெத்தென்று இருக்குமே.

ராதா அத்தை, 9:19
உள்துணிக்கு மல். மேலே டூ பை டூ. வெறும் மல்லில் வெல்க்ரோ தைத்தால் பிரித்துப் பிரித்தே கிழிந்துபோகும். இரண்டையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொண்டு வா, பிறகு சுருங்காது.

முருகேசன் பெரியப்பா, 9:22
ராதா, எனக்கும் விரல் பிடிக்கிறது. சட்டைப் பட்டன் போட உன் அண்ணியைத்தான் கூப்பிடுகிறேன். கல்யாண வயதில் மகனை வைத்துக்கொண்டு வெட்கமாக இருக்கிறது.

ராதா அத்தை, 9:26
கொடுத்து அனுப்புங்கள் அண்ணே. காஜாவைத் தைத்து மூடி, அதே பட்டனை அதன் மேலேயே வைத்துவிடுவேன். அடியில் வெல்க்ரோ. பார்த்தால் பட்டன் போட்ட சட்டைதான்.

செல்வி சித்தி, 9:30
பாவாடை நாடாவை யாரும் பேசவில்லையே? அத்தை அந்த முடிச்சைப் பல்லால் அவிழ்ப்பதை நானே பார்த்தேன்.

ராதா அத்தை, 9:35
முழுக்க எலாஸ்டிக் போட்டால் பட்டுச்சேலை கனத்துக்கு இறங்கிவிடும். பின்பாதிக்கு மட்டும் 1 அங்குல எலாஸ்டிக், முன்பாதி வெறும் பட்டி, பக்கத்தில் பேண்ட் கொக்கி. இது எனக்கே முழுத் திருப்தி இல்லை. பருத்திச் சேலைக்கு நிற்கிறது, பட்டுக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

(நான்கு நாள் கழித்து)

கவிதா, காலை 7:40
அத்தை, புது ஜாக்கெட்டை நேற்று சாயங்காலம் போட்டபோது சரியாக இருந்தது. இப்போது அப்பத்தாவால் வெல்க்ரோவைப் பிரிக்க முடியவில்லை.

ராதா அத்தை, 7:48
தப்பு என்னுடையது. காலையில் வந்து அளவு பார்த்திருக்க வேண்டும், விறைப்பு அப்போதுதானே அதிகம். கீழேயிருந்து இரண்டாவதையும் நான்காவதையும் பிரித்து எடுத்துவிடு. மூன்று போதும்.

கவிதா, 8:05
எடுத்துவிட்டேன். பிரிக்கிறார். வலது கை முதலில் விட்டால் 5 நிமிடத்தில் முடிகிறது.

ராதா அத்தை, 8:09
துவைக்கும் முன் ஒட்டி வை, இல்லையென்றால் மற்றத் துணியின் பிசிறெல்லாம் அதில்தான் வந்து சேரும். பிசிறு அடைந்தால் ஒட்டாது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடு. அதன் மேல் இஸ்திரி வைக்காதே, உருகிவிடும்.

செல்வி சித்தி, 8:15
பாவாடை?

கவிதா, 8:17
பட்டு கட்டி வாசல்வரை நடந்தார், இரண்டு விரல் இறங்கியது. நிச்சயத்தன்று நாடாதான் என்று சொல்லிவிட்டார். நான் முடிச்சுப் போடாமல் சுருக்கு மட்டும் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

முருகேசன் பெரியப்பா, 8:20
என் சட்டை வந்தது. உன் அண்ணியே கண்டுபிடிக்கவில்லை.

கவிதா, 8:31
அத்தை, அப்பத்தா இன்னொன்றும் கேட்கிறார். ஜாக்கெட்டில் பழைய கொக்கியையும் சும்மாவாவது தைத்துவிட வேண்டுமாம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்கிறார்.

ராதா அத்தை, 8:33
சேலைக்கு உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? சரி, மேலே ஒன்று மட்டும் தைத்துத் தருகிறேன். துருப்பிடிக்காததாக.